சோறு இறங்கவில்லை என்றால் நாளை என்று தள்ளாதீர்கள்

(மட்டக்களப்பு வாவிக்கரைத் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆசிரியரும் தொழிற்சங்க அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த மேடையில் நாங்கள் சம்பளத்தைப் பற்றியும் சேமலாப நிதியைப் பற்றியும் கதைப்போம். இன்றைக்கு வேறு ஒரு விஷயத்துக்காக அரை மணித்தியாலம் தாருங்கள். சாப்பிடும்போது உணவு நெஞ்சில் நிற்பது, விக்குவது, தண்ணீர் குடித்தால்தான் இறங்குவது, அது கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டு போவது. இதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன். எங்கள் வீடுகளில் இதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. "வாயு", "கெஸ்ட்ரிக்", "வயசு போச்சு", "பல்லு இல்லை, மென்று தின்ன ஏலாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வாயிலிருந்து இரைப்பைக்குப் போகிற குழாயைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் களம் என்று படித்திருப்பீர்கள். உணவுக்குழாய் என்றும் சொல்வார்கள். வளர்ந்த ஆளுக்கு அது ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளம், ஒரு சாணை விடக் கொஞ்சம் கூட. அது பீ.வீ.சீ. குழாய் மாதிரி விறைப்பானது அல்ல. வெறுமையாக இருக்கும்போது சுருங்கிக் கிடக்கும். சோற்றுருண்டை வந்தால் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேலேயும் விரிந்து கொடுக்கும்.

இந்த விரிவுதான் எங்களை ஏமாற்றுகிறது. குழாயின் ஒரு பக்கத்தில் கட்டி வளர்ந்தால் மற்றப் பக்கம் விரிந்து கொடுத்து வழி விடும். வலி இருக்காது, தடையும் தெரியாது. வழி ஏறக்குறைய 13 மில்லிமீற்றருக்குக் குறையும்போதுதான் ரொட்டி, இறைச்சி போன்ற கெட்டியான உணவு நிற்கத் தொடங்கும். எங்கள் சுண்டுவிரல் அளவான வழிதான் அப்போது மிஞ்சியிருக்கும். ஆகவே முதன்முதலாக ரொட்டி நின்ற நாளை நோய் தொடங்கிய நாள் என்று நினைக்காதீர்கள். நோய் கன நாளாக உள்ளே இருந்து, அன்றைக்குத்தான் வெளியே தெரிகிறது.

இனி ஓர் உதாரணம் சொல்கிறேன். இது எந்தத் தனி ஆளுடைய கதையும் அல்ல. இந்த நோய் வழமையாக எப்படி நடக்கும் என்பதை விளங்கிக்கொள்ள நானே அமைத்த கதை.

ஐம்பத்திரண்டு வயது அக்கா ஒருவர். தென்னந்தோட்டத்தில் தேங்காய் பொறுக்கிக் குவிக்கிற வேலை. இருபது வயதிலிருந்து வெற்றிலை போடுகிறவர், பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து. எடை 48 கிலோ.

முதற் கிழமையில் காலையில் சாப்பிட்ட தேங்காய் ரொட்டி நெஞ்சில் நின்றது. தேத்தண்ணி குடித்தார், இறங்கிவிட்டது. மறந்துவிட்டார். மூன்றாம் கிழமையில் ரொட்டி தினமும் நின்றது. "ரொட்டி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிப் புட்டுக்கு மாறினார். புட்டும் நின்றது. சொதி ஊற்றிக் குழைத்து இடியப்பம் சாப்பிட்டார். ஐந்தாம் கிழமையில் சோற்றைக் குழைய வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். மற்றவர்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகும் அவர் கோப்பையோடு இருந்தார். பிறகு சங்கடப்பட்டுக் குசினிக்குள் போய்த் தனியே சாப்பிடத் தொடங்கினார். ஏழாம் கிழமையில் கஞ்சிதான். மருந்துக்கடையில் கெஸ்ட்ரிக் குளிசை வாங்கிப் போட்டார். நெஞ்செரிவு கொஞ்சம் குறைந்தது, சுகம் வருகிறது என்று நம்பினார். பத்தாம் கிழமையில் கஞ்சியும் சில நேரம் திரும்பி வந்தது. சட்டை தொளதொளத்துப் போனது. எடை 42 கிலோ.

இந்தக் கதையில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, வரிசை. முதலில் கெட்டி உணவு, பிறகு மெத்தென்ற உணவு, பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர். இந்த வரிசையில் நோய் நடந்தால் குழாய் உள்ளே ஒடுங்கிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். வெறும் வாயுவோ கெஸ்ட்ரிக்கோ இப்படிப் படிப்படியாகக் கூடிக்கொண்டு போகாது. ஒரு நாள் வரும், ஒரு நாள் போகும். தொண்டையில் எதோ உருண்டை இருக்கிற மாதிரி உணர்வு, ஆனால் சாப்பாடு சுகமாக இறங்குகிறது என்றால் அது வேறு சங்கதி. அதையும் வைத்தியரிடம் காட்டலாம், ஆனால் நான் சொல்வது அதையல்ல. நான் சொல்வது, விழுங்கின உணவு போகிற வழியில் நிற்பதை.

இரண்டாவது, அந்த அக்கா பத்துக் கிழமையும் சும்மா இருக்கவில்லை. கிழமைக்குக் கிழமை சாப்பாட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மாற்றமும் அவருக்கு ஆறுதல் தந்தது, நோயை மறைத்தது. "எனக்கு விழுங்க ஏலாது" என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை, "எனக்கு ரொட்டி பிடிக்காது" என்றுதான் சொன்னார். ஆகவே இதை நோயாளி கண்டுபிடிக்க முன்னம் வீட்டில் இருக்கிறவர்கள் கண்டுபிடிக்கலாம். அம்மா ரொட்டியை விட்டுவிட்டாவா? அப்பா ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறாரா? சாப்பிட முன்பை விட இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறாரா? தனியாக இருந்து சாப்பிடுகிறாரா? சாறம் இடுப்பில் நிற்கவில்லையா? பிள்ளைகளே, இதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். சாப்பாடு எங்கே நிற்கிறது என்று கேட்டால் ஆள் தொண்டைக் குழியைக் காட்டுவார். ஆனால் அடைப்பு நெஞ்சுக்குக் கீழே இருந்தாலும் தொண்டையில் நிற்கிற மாதிரித் தெரியலாம். வாயைத் திறந்து லைற் அடித்துப் பார்த்துவிட்டு "தொண்டையில் ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். குழாய் முழுவதும் பார்க்கப்பட வேண்டும்.

சரி, இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அறுவடை முடியட்டும், மகளின் கலியாணம் முடியட்டும் என்று சொல்வீர்கள். பொறுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே ஒரு மெல்லிய உறை இருக்கிறது. உணவுக்குழாயின் பெரும் பகுதிக்கு அந்த உறை இல்லை. அதன் சுவரைத் தாண்டினால் பக்கத்திலேயே சுவாசக்குழாய், பெரிய இரத்தக்குழாய், குரலுக்குப் போகிற நரம்பு எல்லாம் இருக்கின்றன. சுவருக்குள்ளேயே நிணநீர்க் குழாய்கள் நிறைய ஓடுவதால் நோய் மேலேயும் கீழேயும் வேகமாகப் பரவும். சுவரின் உட்பக்கத்தில் மட்டும் இருக்கிற கட்டியை முற்றாக எடுக்க வழி உண்டு. சுவரைத் தாண்டிய கட்டிக்குப் பல வேளை விழுங்குவதற்கு வழி திறந்துவிடுகிற வைத்தியம்தான் மிஞ்சும்.

எடையும் ஒரு காரணம். பெரிய சத்திரசிகிச்சையையும் கதிர் வைத்தியத்தையும் தாங்குவதற்கு உடம்பில் பெலன் வேண்டும். 48 கிலோவில் வந்தவருக்குச் செய்யக்கூடியதை 38 கிலோவில் வந்தவருக்குச் செய்ய வைத்தியர் யோசிப்பார். கஞ்சி குடித்து நாள் கடத்துகிறவர், தன் சிகிச்சைக்குத் தேவையான பெலனைத்தான் செலவழித்துக்கொண்டிருக்கிறார்.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வைத்திய வழிகாட்டலில், விழுங்கக் கஷ்டம் என்று ஒருவர் வந்தால் அவருக்கு என்ன வயதென்றாலும் இரண்டு கிழமைக்குள் கமரா பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆக நாங்கள் இரண்டு கிழமை என்பதை மனதில் வைத்துக்கொள்வோம். இரண்டு கிழமைக்கு மேல் கெட்டி உணவு நின்று நின்று போகிறது என்றால், மூன்றாவது கிழமையை வீட்டில் கழிக்கக் கூடாது.

இதைக் கேட்டுவிட்டு எல்லாரும் புற்றுநோய் என்று பயந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம். விழுங்கக் கஷ்டம் எல்லாமே புற்றுநோய் அல்ல. புளிப்பு மேலே வந்து வந்து குழாயில் தழும்பு விழுந்து ஒடுங்கியிருக்கலாம். குழாயின் அடிவாசலில் இருக்கிற தசை திறக்காமல் இருக்கலாம். அதற்கு ஓர் அடையாளம், தொடக்கத்திலிருந்தே சோறும் தண்ணீரும் இரண்டும் நிற்கும்.

எங்கள் பெண்கள் முக்கியமாக அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. நீண்ட காலம் இரும்புச் சத்துக் குறைந்து இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு, உணவுக்குழாயின் மேல் முனையில் மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளரக் கூடும். முகம் வெளிறி, வாய் ஓரம் வெடித்து, நாக்கு வழவழப்பாகி, சாப்பாடு தொண்டையில் நிற்கும். பிரித்தானிய வைத்தியர்களான பேட்டர்சனும் பிரவுன் கெலியும் இதை 1919இலேயே எழுதிவைத்தார்கள். இரும்புக் குளிசையாலும், கமரா வழியாக அந்தச் சவ்வை விரித்துவிடுவதாலும் இது சுகமாகும். கவனிக்காமல் விட்டால் அதே இடத்தில் பின்னர் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். பிள்ளைப்பேறு, மாதவிடாய், பூச்சித் தொல்லை, சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற சாயத் தேத்தண்ணி என்று எங்கள் பெண்களுக்கு இரும்பு குறைவதற்குக் காரணம் நிறைய. தேயிலைச் சாயம் உணவில் இருக்கிற இரும்பை உடம்பு எடுக்க விடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள்.

எது புற்றுநோய், எது சவ்வு, எது தழும்பு என்று வெளியில் இருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது, மருந்துக்கடைக்காரரும் சொல்ல முடியாது, பெரிய வைத்தியரும் சொல்ல முடியாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

வெற்றிலையைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு முழுமை பெறாது. இலங்கையில் வாய்ப் புற்றுநோயும் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் சேர்ந்தவை. புகைக்கிற, சாராயமும் கசிப்பும் குடிக்கிற ஆண்களுக்கு மட்டுமல்ல, அவற்றைத் தொடாத பெண்களுக்கும் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூட்டை மட்டும் அல்ல, பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முடிவு செய்தது. "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்கிற அம்மாமாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே முகவரகம் 2016இல், 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்றும் சொன்னது. தேத்தண்ணியில் பிழை இல்லை, சூட்டில்தான் பிழை. கோப்பையில் ஊற்றி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள்.

வேலைக் களைப்புக்கும் பசியை அடக்குவதற்கும் எங்கள் தாய்மார் வெற்றிலை போட்டுப் பழகினார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் வெற்றிலை போடுகிறவர் விழுங்கக் கஷ்டம் என்று சொன்னால், அவருக்கு இரண்டு கிழமை கூட நிறைய.

இனி என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

பக்கத்தில் இருக்கிற பிரதேச வைத்தியசாலைக்கோ ஆதார வைத்தியசாலைக்கோ போங்கள். வெளிநோயாளர் பிரிவில் "நெஞ்சு எரியுது", "சாப்பிட மனமில்லை" என்று சொன்னால் கெஸ்ட்ரிக் குளிசையோடு திருப்பி அனுப்பக் கூடும். அது வைத்தியரின் பிழை அல்ல, நாங்கள் சொன்ன கதைக்கு அவர் கொடுத்த மருந்து. இப்படிச் சொல்லுங்கள்: "ஐந்து கிழமையாக விழுங்கக் கஷ்டம். முதலில் ரொட்டி நின்றது, இப்போது சோறும் நிற்கிறது. ஆறு கிலோ குறைந்துவிட்டேன். வெற்றிலை போடுகிறேன். என்டோஸ்கோப்பி செய்ய வேண்டுமா?" இந்த ஐந்து வசனத்தையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். வைத்தியர் அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார். அங்கே புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை.

என்டோஸ்கோப்பி என்றால் பயப்படுகிறார்கள். விரல் தடிப்பில் வளைகிற குழாய், நுனியில் சின்னக் கமரா. முந்தின இரவுக்குப் பிறகு சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். அடைப்பு உள்ளவரின் குழாயில் பழைய உணவு தங்கியிருக்கும், அதனால் முந்தின நாளே நீராகாரம் மட்டும் எடுக்கச் சொல்லக் கூடும். சொன்னபடி செய்யுங்கள். இல்லாவிட்டால் பார்க்க முடியாமல் திரும்பி வர வேண்டி வரும். தொண்டை மரத்துப்போக மருந்து தெளிப்பார்கள். குமட்டும், ஆனால் மூச்சு அடைக்காது. கமரா மூச்சுக் குழாய்க்குள் போவதில்லை. பத்து நிமிடம் அளவில் முடியும். தொண்டையில் உணர்ச்சி திரும்பும் வரை எதையும் விழுங்கக் கூடாது. இருதய நோய்க்கு இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சந்தேகமான இடம் தெரிந்தால் அரிசிமணி அளவில் சில துண்டுகள் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். "கத்தி பட்டால் நோய் பரவும்" என்று ஊரில் சொல்கிறார்கள். இதனால் பரவாது. அந்தத் துண்டு இல்லாமல் என்ன நோய் என்று பெயர் சொல்லவும் முடியாது, வைத்தியம் தொடங்கவும் முடியாது. முடிவு வர நாள் எடுக்கும். முடிவை எடுக்கப் போகிற திகதியைக் கேட்டு, துண்டில் எழுதி, சுவரில் ஒட்டுங்கள். பரிசோதனை செய்துவிட்டு முடிவை எடுக்கப் போகாமல் இருப்பது, பரிசோதனையே செய்யாமல் இருந்ததற்குச் சமம்.

சிலவற்றுக்கு இரண்டு கிழமையும் பார்க்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். தண்ணீரும் எச்சிலும் கூட இறங்காமல் வெளியே வருவது, இரத்தமாக வாந்தி எடுப்பது அல்லது மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போவது. இவற்றுக்கு விடியும் வரையும் காத்திருக்க வேண்டாம். விழுங்கும்போது இருமிப் புரைக்கேறுவதும், குரல் கரகரத்துக் கட்டுவதும் நோய் குழாயைத் தாண்டுவதற்கான அடையாளமாக இருக்கலாம். அதற்கு மறுநாளே போங்கள்.

கடைசியாக எங்கள் சங்கத்தின் வேலை. ஒரு நாள் வைத்தியசாலைக்குப் போனால் அந்த நாள் பேர் போய்விடும், பஸ் காசும் போகும். கடிதம், கிளினிக், கமரா, முடிவு என்று நாலு நாள் போக வேண்டும். நாலு நாள் சம்பளம் இல்லை என்றால் அடுப்பு எரியாது. ஆட்கள் தள்ளிப் போடுவது சோம்பலால் அல்ல, இதனால்தான். வாவியின் அந்தக் கரையில் இருப்பவர்கள் ஒரு காலம் மண்முனையில் படகுக்குக் காத்து நின்றார்கள். 2014இல் பாலம் திறந்த பிறகு தூரம் குறைந்தது. ஆனால் அன்றைய சம்பளம் என்ற தூரம் இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு கிளையிலும் மூன்று காரியம் செய்வோம். விழுங்கக் கஷ்டம் என்று ஒருவர் சொன்னால், கூடப் போக ஓர் ஆளைக் கிளை நியமிக்கட்டும். அந்த நாலு நாளுக்கும் வைத்தியசாலைத் துண்டைக் காட்டி, வேலையிலிருந்து பெயர் வெட்டாமல் இருக்கத் தலைவர் நிர்வாகத்தோடு கதைக்கட்டும். பஸ் காசுக்குச் சந்தா நிதியிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கட்டும். தராசு உள்ள இடத்தில் மாதம் ஒரு முறை எல்லாரையும் நிறுத்து, எடையைக் கொப்பியில் எழுதிவைக்கலாம். தேங்காய் நிறுக்கிற தராசு இருக்கிற தோட்டத்தில், ஆளை நிறுக்கவும் ஒரு தராசு கேட்போம்.

இன்று இரவு வீட்டுக்குப் போய் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். யார் ரொட்டியைத் தள்ளி வைக்கிறார், யார் தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிடுகிறார் என்று பாருங்கள். அப்படி ஒருவர் இருந்தால், எத்தனை கிழமை என்று கேளுங்கள். இரண்டுக்கு மேல் என்றால் நாளைக் காலை அவரோடு நீங்களும் பஸ் ஏறுங்கள்.